நாற்பத்தேழாம் பக்கம்

நான் எழுதிய புத்தகங்கள் மொத்தம் இருபத்திரண்டு. எதிலும் என் பெயர் கிடையாது. ஒன்றையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை யாரும் ஒரே மூச்சில் படித்ததாகத் தகவல் இல்லை. கழக்கூட்டத்தில் மருத்துவக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் பதினாறு வருடமாக நான் டெக்னிக்கல் ரைட்டர். கருவியோடு பெட்டிக்குள் ஒரு கையேடு வருமே, பெட்டியைத் திறந்ததும் தெர்மாகோலோடு சேர்த்து ஓரமாக வைப்பார்களே, அதை எழுதுகிறவன்.

அதற்கு முன்னால் நாலு வருடம் கல்லூரிகளில் இயற்பியல் கெஸ்ட் லெக்சரராக இருந்தேன். ஒவ்வொரு ஜூனிலும் வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் காத்திருக்கிற உத்தியோகம் அது. பாடம் நடத்துவது எனக்குப் பிடிக்கும். சிக்கலான ஒன்றைப் பிரித்து, வரிசைப்படுத்தி, எதிரே இருப்பவன் முகம் தெளியும்வரை சொல்வதில் ஒரு சுகம் உண்டு. அதே சுகத்துக்கு மாதச் சம்பளமும் பி.எஃப்பும் தருகிறார்கள் என்று தெரிந்ததும் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். பயன்படுத்தும் முறை எழுதப்படாமல் மருத்துவக் கருவியை விற்க முடியாது, சட்டம் அப்படி. ஆகவே இன்ஜினியர்கள் வந்தார்கள், போனார்கள், இரண்டு மாடல்களை நிறுவனமே தலைமுழுகியது, நான் மட்டும் அதே ஜன்னலோர நாற்காலியில் இருந்தேன். இதை என் திறமைக்கான சான்று என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மலையாள ஊருக்குள் தமிழர்கள் வாழும் எங்கள் வலியசாலைத் தெருவில் இருப்பவர்களுக்கு என்னைப் பற்றி, அழகியநம்பி எழுத்து வேலை பார்க்கிறான் என்பதுவரைதான் தெரியும். ஒருமுறை கோயில் அன்னதானத்துக்கு நோட்டீஸ் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். ஒன்று, கை கால் கழுவவும். இரண்டு, இடது பக்க வாசல் வழியாக வரிசையில் நிற்கவும். மூன்று, இலை கிடைத்தபின் உட்காரவும் என்று ஒன்பது படிகள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

போன வருடம் நாங்கள் ஒரு புதுக் கருவி வெளியிட்டோம். இரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம், சின்ன லேபுகளுக்கானது. கையேடு நூற்றுப் பதினெட்டுப் பக்கம். எட்டு மாத உழைப்பு. அச்சாகி வந்த அன்று வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோய் என் மனைவி ஸ்ரீப்ரியாவிடம் காட்டினேன். அவள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல தாள் என்றாள்.

வெளியிட்டு மூன்றாம் மாதம் லிபின் என் மேஜைக்கு வந்தான். வாடிக்கையாளர் உதவிப் பிரிவின் பொறுப்பு அவனுக்கு. கருவி வாங்கியவர்கள் சிக்கலில் மாட்டினால் கூப்பிடுவது அவனுடைய ஆட்களைத்தான். அந்த மாதம் வந்த அழைப்புகள் முப்பத்தொன்று, அதில் இருபத்தாறு ஒரே விஷயம் என்று பட்டியலை நீட்டினான். வாரம் ஒருமுறை, இரத்தத்தை உறிஞ்சும் ஊசியைக் கழுவும் திரவத்தால் சுத்தம் செய்ய வேண்டும். அதைச் செய்யும்போது இயந்திரம் அலறிவிட்டுப் பூட்டிக்கொள்கிறது. தன்னைத்தானே முழுக்கக் கழுவி முடிக்க இருபது நிமிடம் ஆகிறது. அதுவரை லேப் ஸ்தம்பித்து நிற்கிறது. எல்லாரும் நாற்பத்தேழாம் பக்கத்தைப் பார்த்துத்தான் செய்தோம் என்கிறார்கள் என்றான்.

அவர்கள் படித்திருக்க மாட்டார்கள் என்று நான் சொன்னேன். கையேடு எழுதுகிறவர்களின் முதல் தற்காப்பு அது. லிபின் சண்டைக்கு வரவில்லை. பட்டியலைத் திருப்பி ஒரு பெயரைக் காட்டினான். பழவங்காடிக் கோயிலுக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் நடுவே ஒரு மாடியில் இருக்கும் லேப். முதல் வாரம் ஒருமுறை கூப்பிட்டதோடு சரி, அதன்பின் ஒரு அழைப்பும் இல்லை. இத்தனைக்கும் அவர்கள்தான் கருவியை அதிகம் ஓட்டுகிறார்கள்.

எனக்கு வேறென்ன வேண்டும்? ஒழுங்காகப் படிக்கிறவர்களுக்குக் குழப்பமே வராது என்பதற்கு அந்த லேப் உயிருள்ள சாட்சி. நானே நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தருகிறேன் என்று முன்வந்தேன். மேலாளர் பத்மகுமாருக்கு ஆச்சரியம். பதினாறு வருடத்தில் நானாகக் கேட்டு அலுவலகத்தை விட்டு வெளியே போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். கீழே பாத்திரக் கடை, மேலே லேப். பெஞ்சில் ஏழெட்டுப் பேர், பாதிப் பேர் சாப்பிடாமல் வந்து இரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள். உள்ளே இரண்டு டெக்னீஷியன்கள். மூத்தவள் செல்வமணி, மார்த்தாண்டம் பக்கத்துக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும், பதினொரு வருடமாக இதே லேபில். இளையவள் திவ்யலட்சுமி சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. நான் யார் என்று சொன்னதும் செல்வமணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இந்த மேனுவல் எழுதினது நீங்களா சார்?"

ஆமாம் என்று எவ்வளவு அடக்கமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அடக்கமாகச் சொன்னேன். கையேடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திவ்யலட்சுமி குனிந்து பிரிண்டருக்கு அடியிலிருந்து அதை எடுத்தாள். பிரிண்டர் ஒரு பக்கம் சாய்ந்தது.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அன்று வாரக் கழுவல் நாள். அவர்கள் செய்வதைச் சும்மா உட்கார்ந்து பார்க்கத்தான் நான் போனேன். பயனரைக் கவனிக்கும்போது வாயையும் கையையும் கட்டிக்கொள்ள வேண்டும் என்று என் கீழ் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் பிரிண்டருக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்த என் எட்டு மாத உழைப்பைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கெஸ்ட் லெக்சரர் எழுந்துவிட்டான். கையேட்டைப் பார்த்து எப்படிச் செய்வது என்று நானே காட்டுகிறேன் என்றேன்.

நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு படியாக உரக்கப் படித்தேன், செய்தேன். ஒன்று, மெனுவுக்குப் போகவும். இரண்டு, பராமரிப்பு. மூன்று, ஊசியைக் கழுவுதல். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழிலும் சொல்லிக்கொண்டே போனேன். செல்வமணி பக்கத்தில் கைகட்டி நின்றாள். ஆறாவது படி, பக்கத்தின் கடைசி வரி: ஸ்டார்ட் பொத்தானை அழுத்தவும். அழுத்தினேன்.

ஊசி இறங்கி, வெறும் காற்றை உறிஞ்சி, மேலே ஏறியது. சிவப்பு விளக்கு எரிந்தது. இயந்திரம் அலறத் தொடங்கியது.

நான் பக்கத்தைப் புரட்டினேன். நாற்பத்தெட்டாம் பக்கத்தின் உச்சியில், கட்டம் கட்டி, என் கைவண்ணம்: 'கவனிக்க: ஸ்டார்ட்டை அழுத்துவதற்கு முன், கழுவும் திரவக் குப்பி மூடி திறந்த நிலையில் ஊசியின் கீழ் இருக்க வேண்டும்.'

வெளியே பெஞ்சிலிருந்து ஒருவர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். திரையில் இருபது நிமிடம் என்று காட்டிப் பின்னோக்கி எண்ண ஆரம்பித்தது. செல்வமணி வெளியே போய் முடிவு தரச் சற்றுத் தாமதமாகும் என்று மலையாளத்திலும் தமிழிலும் சொல்லிவிட்டு வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

குப்பி வைக்கவில்லை என்று தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எழுதினவரு அல்லே சார். நமக்குத் தெரியாத வேற வழி ஏதாவது உண்டாயிருக்கும்னு நெனச்சேன்."

இருபது நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்ததால் யோசிக்க நேரம் கிடைத்தது. அந்தக் குறிப்பு அங்கே எப்படி வந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். முதல் மாதிரி இயந்திரத்தில் ஸ்டார்ட்டுக்கு முன் 'குப்பியை வைத்துவிட்டீர்களா' என்று திரையே கேட்கும். அதைப் பார்த்துத்தான் ஆறு படிகளை எழுதினேன். அச்சுக்குப் போக நாலு நாள் இருக்கும்போது, அந்தக் கேள்வியை எடுத்துவிட்டோம் என்று மென்பொருள் பிரிவிலிருந்து மெயில் வந்தது. குப்பி வைப்பதைத் தனிப் படியாக்கினால் வரிசை எண், படம், மற்ற பக்கங்களைச் சுட்டும் குறிப்புகள் எல்லாம் மாறும். எனக்குச் சோம்பல். கடைசியில் ஒரு கட்டத்தைப் போட்டு ஒட்டினேன். அந்தக் கட்டம் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிப் போனதைக்கூடப் பார்க்கவில்லை. இறுதி இயந்திரத்தில் ஒருமுறையாவது என் படிகளை நானே செய்து பார்க்கவும் இல்லை. நிபந்தனை முதலில், செயல் பிறகு. எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன்னால். இதைத்தான் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் பாடமாக நடத்துகிறேன். படங்களோடு.

அப்புறம் நீங்கள் மட்டும் எப்படித் தப்பில்லாமல் செய்கிறீர்கள் என்று செல்வமணியிடம் கேட்டேன். அவள் தயங்கிவிட்டு, இயந்திரத்துக்கு மேலிருந்த அலமாரிக் கதவைத் திறந்தாள். உட்பக்கத்தில் காலண்டர் தாளின் பின்புறம் ஒட்டியிருந்தது. பெரிய எழுத்தில் நாலே வரி.

'குப்பி மூடி திறந்தாச்சா? குப்பி ஊசிக்கு நேர் கீழே இருக்கா? ரெண்டும் ஆச்சுன்னா மட்டும் ஸ்டார்ட். ஊசி மேலே வந்து பச்சை எரியுற வரை குப்பியை எடுக்கக் கூடாது.'

பக்கத்தில் அதுவே மலையாளத்திலும் இருந்தது. முதல் வாரம் தனக்கும் இதே கதி வந்ததாகவும், திவ்யலட்சுமி தனியாக இருக்கும்போது தடுமாறக் கூடாதே என்று எழுதி ஒட்டியதாகவும் சொன்னாள். அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒன்று, இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் மேல் ஒன்று. எதிலும் ஒரு வார்த்தை அதிகமில்லை. கை எந்த வரிசையில் போகுமோ அந்த வரிசையில் எழுத்தும் போனது.

எனக்குப் பொறாமையாக இருந்தது. குற்றம் ஏதாவது கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று, இப்படிக் கையால் எழுதி ஒட்டுவது அபாயம், தேதி இருக்காது, இயந்திரத்தின் மென்பொருள் மாறினால் பழைய தாளே தொடரும் என்று சொன்னேன். அவள் தாளின் கீழ் மூலையைக் காட்டினாள். இரண்டு தேதிகள் அடிக்கப்பட்டு மூன்றாவது எழுதியிருந்தது. போன மாத அப்டேட்டில் விளக்கின் நிறம் மாறியதாம்.

அலுவலகம் திரும்பி அறிக்கை எழுதினேன். மூன்று பக்கம். அதன் நடுவே எங்கோ, 'ஒரு குறிப்பின் இடம் மறுபரிசீலனைக்கு உரியதாகக் கண்டறியப்பட்டது' என்று ஒரு வாக்கியம். லிபின் அதைப் படித்துவிட்டு, குறிப்பை அங்கே வைத்தது யார் என்று மட்டும் கேட்டான். பத்மகுமார் தலை நிமிர்ந்தார். நான்தான் என்றேன். செயல்படுகிறவன் யார் என்று தெரியாத வாக்கியத்தை எழுதாதே என்பது என் இரண்டாம் நாள் பாடம்.

அடுத்த பத்து நாளில் நாற்பத்தேழாம் பக்கத்தைத் திருத்தி எழுதினேன். இந்த முறை இயந்திரத்தின் முன்னால் நின்று. பிறகு மூன்று லேபுகளுக்கு எடுத்துப் போய், முன்பின் பார்க்காதவர்களைச் செய்யச் சொல்லி, வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருத்தி இரண்டாம் படியில் தடுமாறினாள், அதையும் மாற்றினேன். செல்வமணியின் நாலு வரியைத் தமிழிலும் மலையாளத்திலும் சின்ன அட்டையாக்கி, பதிப்பு எண்ணும் ஒப்புதல் கையெழுத்தும் வாங்கி, எல்லா லேபுகளுக்கும் அனுப்பினோம். அதற்கடுத்த மாதம் அந்த விஷயத்துக்காக வந்த அழைப்புகள் இரண்டு. அதில் ஒன்று அட்டை நன்றாக இருக்கிறது என்று சொல்ல.

எங்கள் பிரிவில் அப்போது ஒரு இடம் காலியாக இருந்தது. நாலு மாதமாக ஆள் தேடினோம். வந்தவர்கள் எல்லாரும் நல்ல ஆங்கிலம் எழுதினார்கள், என்னைப் போலவே. அட்டைப் பிரதியைக் கொடுக்க அந்த லேபுக்குப் போனபோது செல்வமணியிடம் இதைச் சொன்னேன். விண்ணப்பிக்கலாமே என்றேன். அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டாள். வேலை நிரந்தரமா, சனிக்கிழமை லீவு உண்டா, டிப்ளமா மட்டும் போதுமா, ஆங்கிலம் தடுமாறுமே என்று ஒவ்வொன்றாக. பதில் சொன்னேன். எங்கள் கையேட்டு ஆங்கிலம் சின்ன வாக்கியம், எளிய வார்த்தை, ஒரு பொருளுக்கு ஒரே பெயர் என்று கட்டுப்பாடு உள்ளது, பழகிவிடலாம். பிழை திருத்த ஆள் உண்டு. கடைசியில் அவள் கேட்டாள்:

"இப்போ கம்ப்யூட்டரே எல்லாம் எழுதும்னு சொல்லுதாவளே சார். நான் இருக்குத வேலையையும் விட்டுட்டு வந்து, ரெண்டு வருசத்துல வீட்டுக்குப் போன்னு சொன்னா?"

சமாதானமாக எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் ஏற்கெனவே ஒருமுறை தெரிந்ததாக நடித்துவிட்டேன்.

"எழுதும். நானே பயன்படுத்துகேன். வாக்கியம் என்னைவிட ஒழுங்காத்தான் வருது. ஆனா நான் குடுத்த தப்பான படியை அதுகிட்டக் குடுத்தா, அந்தத் தப்பையே அழகா எழுதித் தரும். இயந்திரத்துக்கு முன்னால நின்னு, இது இப்படி நடக்கல்லன்னு சொல்ல ஆள் வேணும். அந்த வேலை இருக்கும்னு நம்புகேன். உறுதியாச் சொல்ல என்னால முடியாது."

அவள் ஒரு வாரம் யோசித்தாள். கணவர் சாலைக் கடைத்தெருவில் ஹார்ட்வேர் கடையில் வேலை செய்கிறவர், அவரிடமும் பேசியிருக்கிறாள். பிறகு விண்ணப்பம் அனுப்பினாள்.

பத்மகுமார் ஒப்புக்கொள்ளவில்லை. பட்டம் இல்லை, ஆங்கிலம் சுமார், இன்ஜினியர்கள் மதிப்பார்களா என்றார். எல்லாருக்கும் வைக்கும் தேர்வை அவளுக்கும் வைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். தேர்வு இதுதான்: இன்ஜினியர் அவசரமாக எழுதிய குறிப்பு ஒன்றைக் கொடுப்போம்; அதிலிருந்து ஒரு பக்கச் செய்முறை எழுத வேண்டும்; எழுதுவதற்குத் தேவையான கேள்விகளையும் பட்டியலிட வேண்டும். மற்றவர்கள் செய்முறையை அழகாக எழுதிவிட்டு, கேள்வி இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். செல்வமணியின் செய்முறையில் இலக்கணப் பிழை ஏழு. கேள்விகள் பதினொன்று. நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா. கையுறையோடு அந்தச் சின்னப் பொத்தானை அழுத்த முடியுமா. 'போதிய அளவு' என்றால் எத்தனை மில்லி? குறிப்பை எழுதிய இன்ஜினியர் அனந்திடம் பட்டியலைக் காட்டினோம். நாலு கேள்விக்கு அவரிடமே பதில் இல்லை. ஒரு கேள்விக்காக இயந்திரத்தில் ஒரு மாற்றம் செய்ய வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். பத்மகுமார் அந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டு, எப்போது சேர முடியும் என்று அவளைக் கேட்டார்.

சேர்ந்து மூன்றாம் வாரம், கையேட்டின் அடுத்த பதிப்புக்கு நான் எழுதிய முதல் அத்தியாயத்தை அவளிடம் பார்க்கக் கொடுத்தேன். மரியாதைக்கு ஒன்றிரண்டு சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். ஓரத்தில் நாற்பது கருத்துகளோடு திரும்பி வந்தது. டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தேன், ஒவ்வொன்றாகப் படித்தேன். முப்பத்தெட்டு சரி. இரண்டைப் பெருந்தன்மையாக நிராகரித்தேன். பிறகு ஒரு லேபில் சோதித்தபோது அந்த இரண்டும் சரி என்று தெரிந்தது.

நாற்பதில் ஒன்று மட்டும் என்னைச் சுட்டது. இரத்த அணுக்களை இயந்திரம் எப்படி எண்ணுகிறது என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். நீர்த்த இரத்தத்தை மிகச் சின்னத் துளை வழியாக அனுப்புகிறார்கள். துளையின் இருபுறமும் மின்சாரம். ஒவ்வொரு அணு நுழையும்போதும் மின்தடை ஒரு கணம் உயர்கிறது. அந்தத் துடிப்புகளை இயந்திரம் எண்ணுகிறது. கல்லூரியில் நடத்த முடியாமல் போன வகுப்பையெல்லாம் அந்தப் பத்தியில் நடத்தியிருந்தேன். அதற்கு நேரே அவள் எழுதியிருந்தாள்: 'நல்லா இருக்கு. ஆனா இயந்திரத்தை முதல்தடவை ஆன் பண்ணப் போறவளுக்கு இது இப்போ எதுக்கு?'

பத்தியைப் பின்னிணைப்புக்கு நகர்த்தினேன். சாயங்காலம் அவள் அந்தப் பின்னிணைப்பை அச்செடுத்துக் கொண்டு என் மேஜைக்கு வந்தாள். இதையும் நீக்கச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பதினொரு வருசமா எண்ணிக் குடுத்துருக்கேன் சார், எப்படி எண்ணுதுன்னு எனக்குத் தெரியாது. படிச்சப்போ பாதி மனசிலாச்சு. மீதியச் சொல்லுங்க."

ஒரு தாளை இழுத்துத் துளையை வரைந்தேன். அணுக்களைப் புள்ளிகளாக வைத்தேன். ஒன்று நுழைகிறது, துடிப்பு. அடுத்தது நுழைகிறது, துடிப்பு. பெரிய அணு பெரிய துடிப்பு. பத்மகுமார் பையோடு கிளம்பிப் போனார், லிபின் போனான், எனக்கு நேரம் தெரியவில்லை. அவள் பென்சிலை வாங்கித் துளையின் வாயில் இரண்டு புள்ளிகளை ஒட்டி ஒட்டி வைத்தாள்.

"ரெண்டு சேர்ந்தாப்புல போனா?"

ஒன்றாகத்தான் எண்ணும். அதனால்தான் இரத்தத்தை அவ்வளவு நீர்க்கச் செய்கிறார்கள், அதன் பிறகும் கணக்குப் போட்டுத் திருத்துகிறார்கள். அதுவரை சொல்லிவிட்டேன். அணுக்கள் மிக அதிகமாக இருக்கும் நோயாளிக்கு எந்த எண்ணிக்கைவரை அந்தத் திருத்தம் செல்லும், அதைத் தாண்டினால் டெக்னீஷியன் என்ன செய்ய வேண்டும் என்று அடுத்துக் கேட்டாள். நூற்றுப் பதினெட்டுப் பக்கத்தில் நான் அதை எழுதியிருக்கவில்லை. தெரியாது என்று சொன்னேன். பதினாறு வருடத்தில் அந்த வார்த்தையை அந்த நாற்காலியிலிருந்து நான் சொன்னதாக ஞாபகமில்லை.

அனந்த் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார் என்றாள். தாளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மூன்றாம் மாடிக்குப் படியேறினோம்.